லக்கி பாம்பூ தண்டு அடியில் மஞ்சளாகிறது, எங்கள் போர் தண்ணீர்தான் காரணமா?

பாலக்கோடு தையற்கடை | ஏப்ரல் 11, இரவு 9:20

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் சிறிய தையற்கடை வைத்திருக்கிறேன். கடை திறந்த அன்று என் தங்கை ஓசூரிலிருந்து மூன்று தண்டு லக்கி பாம்பூ வாங்கிவந்து கொடுத்தாள். கண்ணாடி ஜாடியில் கூழாங்கல் போட்டு, தண்ணீரில் வைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டு பச்சைப் பசேல் என்று இருந்தது. இந்த மாதம் நடுத் தண்டு அடியிலிருந்து பழுக்கத் தொடங்கிவிட்டது. முதலில் நகத்தளவு மஞ்சள். இப்போது இரண்டு விரற்கடை ஏறிவிட்டது. மூன்று தண்டுகளிலும் இலை நுனிகள் பழுப்பாகக் கருகியிருக்கின்றன.

ஊற்றுவது வீட்டு போர் தண்ணீர். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு, அதுதான் காரணம்" என்கிறார்கள். உண்மையா? மஞ்சளான தண்டு திரும்பப் பச்சையாகுமா? தங்கை கொடுத்தது என்பதால் மனம் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் கிருஷ்ணகிரி | ஏப்ரல் 11, இரவு 10:05

சகோதரி, சந்தேகமே வேண்டாம், ஃபுளோரைடுதான். இந்தச் செடிக்கு அது ஆகவே ஆகாது. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஊற்றுங்கள். அடுப்பு மூட்ட நேரம் இல்லை என்றால் அகலமான பாத்திரத்தில் ஓர் இரவு திறந்துவைத்தால் போதும், ஃபுளோரைடு பறந்துவிடும். என் வீட்டில் ரோஜாவுக்குக்கூட அப்படித்தான் செய்கிறேன்.

அரூர் வரப்பு | ஏப்ரல் 12, காலை 6:10

மூங்கில் மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவால். என் வரப்பில் பதினைந்து குத்து இருக்கின்றன. போன கோடையில் இப்படித்தான் வெளுத்தன. தூருக்கு ஒரு கை யூரியா வைத்து, ஜிப்சம் தூவி, நன்றாகத் தண்ணீர் கட்டினேன். ஆவணிக்குள் தேறிவிட்டன. மூங்கிலுக்கு நல்ல வெயில் வேண்டும் அம்மா, கடைக்குள் அடைத்துவைத்தால் எப்படி வளரும்?

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 12, காலை 8:40

அரூர் ஐயாவுக்கு முதலில் ஒரு வார்த்தை. பெயரில்தான் மூங்கில் இருக்கிறது. இது டிரசீனா வகைச் செடி. காமரூன் பக்கத்துக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. உங்கள் வரப்பு மூங்கில் புல் இனம், அதற்கு நீங்கள் செய்த வைத்தியம் சரி. இந்த ஜாடியில் ஒரு சிட்டிகை யூரியா விழுந்தாலும் வேர் வெந்துவிடும். தயவுசெய்து யாரும் செய்துவிட வேண்டாம்.

மாடித்தோட்டம் நண்பர் சொன்னதில் பாதி சரி. டிரசீனாவுக்கு ஃபுளோரைடு ஆகாது என்பது உண்மை. ஆனால் திறந்துவைத்தால் பறப்பது குளோரின், ஃபுளோரைடு பறக்காது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே பாத்திரத்தில் தங்கும். ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவைத்தால் முன்பைவிடக் கெட்டியான ஃபுளோரைடு தண்ணீரைத்தான் ஊற்றுகிறீர்கள். வைத்தியம் என்று நினைத்து நோயைக் கூட்டிவிடுவோம்.

பாலக்கோடு அம்மா, பதினான்கு ஆண்டாக நாற்றங்காலில் இந்தச் செடியோடு இருக்கிறேன். மஞ்சள் என்று ஒரே சொல்லில் சொன்னால் எனக்குப் போதாது, எங்கே தொடங்கியது என்று தெரிய வேண்டும். ஃபுளோரைடு வேர் வழியாக உள்ளே போய், நீரோட்டத்தோடு மேலே ஏறி, நீர் ஆவியாகும் இடத்தில், அதாவது இலையின் நுனியிலும் ஓரத்திலும் தங்கிச் சேரும். அதனால் அது முதலில் கருக்குவது இலை நுனியைத்தான். தண்டின் அடி மட்டும் பழுத்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

செடியை ஜாடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். மஞ்சளான இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், கல் போல இருக்கிறதா, அமுங்குகிறதா? மோந்து பாருங்கள். வேரின் நிறம் என்ன? நலமான வேர் செம்மஞ்சளாக, கிட்டத்தட்டச் செங்கல் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜாடி எங்கே நிற்கிறது, வெயில் படுகிறதா, தண்ணீரை முழுதாகக் கொட்டி மாற்றிக் கடைசியாக எப்போது, இவற்றையும் சொல்லுங்கள்.

அரூர் வரப்பு | ஏப்ரல் 12, காலை 9:15

மன்னிக்க வேண்டும் அம்மா, மூங்கில் என்ற பெயரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டேன். யூரியா வேண்டாம்.

பாலக்கோடு தையற்கடை | ஏப்ரல் 12, இரவு 8:55

நீங்கள் சொன்னபடி எடுத்துப் பார்த்தேன் ஐயா. எடுத்த பிறகுதான் மூன்று தண்டும் மூன்று விதமாக இருப்பது தெரிந்தது. ஒன்று சேர்த்துச் சிவப்பு நாடாவால் கட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

நடுத் தண்டு: அடி அமுங்குகிறது. அழுத்தினால் மேல்தோல் வாழைப்பழத் தோல் போல வழன்று வருகிறது. சாக்கடை வாடை. வேர் கறுப்பாக, இழுத்தால் கையோடு வருகிறது.

வலது தண்டு: அடி நன்றாக இருக்கிறது, வேர் செங்கல் நிறம். ஆனால் தண்ணீருக்கு மேலே, ஒரே ஒரு பக்கத்தில், நெட்டுக்கு ஒரு மஞ்சள் பட்டை. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் பச்சை.

இடது தண்டு: மஞ்சளே இல்லை. இலை நுனி மட்டும் கருகல்.

ஜாடி கடை முகப்புக் கண்ணாடிக்கு உட்புறம் இருக்கிறது. கடை மேற்குப் பார்த்தது. மாலை மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக விழும். அந்த நேரத்தில் ஜாடியைத் தொட்டால் கை சுடும். தண்ணீர் குறையக் குறைய வாரத்துக்கு ஒரு டீ டம்ளர் ஊற்றுவேன். முழுதாக மாற்றியது தீபாவளிக்குக் கடை கழுவியபோது. கல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, கண்ணாடியில் பாசி.

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 12, இரவு 10:30

இவ்வளவு தெளிவாகப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி அம்மா. உங்கள் ஜாடியில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

நடுத் தண்டில் இருப்பது அழுகல். மேற்கு வெயிலில் கண்ணாடி ஜாடி சூடாகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று குறையும். வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் கிருமி பிடிக்கும், அந்தக் கிருமிக்கும் சூடான, மாற்றாத தண்ணீர் மிகவும் பிடிக்கும். அங்கிருந்து தண்டுக்குள் ஏறும். இதற்கு ஃபுளோரைடு தேவையே இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தாலும் இதே இடத்தில் இதே போல விட்டிருந்தால் அழுகியிருக்கும்.

வலது தண்டின் ஒருபக்கப் பட்டை வெயில் சுட்டது. கண்ணாடியைப் பார்த்த பக்கம் எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள், அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். காட்டு நிழலில் பிறந்த செடிக்குச் சித்திரை மாத மேற்கு வெயில் தாங்காது.

இலை நுனிக் கருகல்தான் உங்கள் தண்ணீரின் கையெழுத்து. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஜாடியில் சுமார் அரை லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரம் ஒரு டீ டம்ளர், அதாவது 100 மில்லி ஊற்றினீர்கள். தீபாவளியிலிருந்து இன்றுவரை ஏறக்குறைய 24 வாரம், 2,400 மில்லி. முதலில் இருந்த 500 மில்லியையும் சேர்த்தால் 2,900. ஆவியானது நீர் மட்டும்தான். உப்பு எல்லாம் அந்த அரை லிட்டருக்குள்ளேயே நிற்கிறது. செடி கொஞ்சம் எடுத்திருக்கும், கொஞ்சம் வெள்ளையாகக் கல்லில் ஒட்டியிருக்கும். அவற்றைக் கழித்தாலும், நீங்கள் ஊற்றிய போர் தண்ணீரைப் போலப் பல மடங்கு உப்பான தண்ணீரில் செடி நின்றிருக்கிறது. உங்கள் போரில் ஃபுளோரைடு கொஞ்சமாகவே இருந்தாலும் ஜாடியில் அது கொஞ்சம் இல்லை.

வெயிலும் தண்ணீரும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன என்பதைக் கவனியுங்கள். வெயில் அதிகமானால் இலை அதிகம் ஆவியாக்கும், ஜாடியும் சீக்கிரம் வற்றும். நீங்கள் மேலும் ஊற்றுவீர்கள். இலை நுனிக்கு மேலும் உப்பு ஏறும். அதனால் இடத்தை மாற்றாமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்தான்.

மஞ்சளான தண்டு பச்சையாகாது அம்மா. அந்த இடத்தில் பச்சையம் செத்துவிட்டது. ஆனால் நடுத் தண்டின் மேல்பாகம் கெட்டியாக இருந்தால் அதிலிருந்து புதிய செடி எடுக்கலாம். நாளை காலையிலேயே அதைப் பிரித்துவிடுங்கள், ஒரே தண்ணீரில் இருந்தால் அழுகல் மற்றதற்கும் பரவும்.

தையல் கத்தரியால் வெட்ட வேண்டாம். எவ்வளவு கூராக இருந்தாலும் கத்தரி இரண்டு பக்கமும் நசுக்கும், நசுங்கிய இடத்தில் மறுபடியும் அழுகும். புதிய சவர பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, மஞ்சளுக்கு மேலே ஒரு விரற்கடை பச்சையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய முகத்தைப் பாருங்கள். வெள்ளரிக்காய் உள்புறம் போல வெளிர்நிறமாக இருந்தால் சரி. நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அழுகல் வெளியே தெரியாமல் உள்ளே ஏறியிருக்கிறது. இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். வெளிர்நிறம் வரும்வரை வெட்டுங்கள், தயங்கினால் மொத்தமும் போய்விடும். அடியில் ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கட்டும், வேர் அந்தக் கணுவை ஒட்டித்தான் விடும்.

கல்லைக் கொதிநீரில் போட்டெடுங்கள், ஜாடியைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் இரண்டு விரல் உயரம் போதும், தண்டு பாதி மூழ்கக் கூடாது. நாடாவையும் அவிழ்த்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் ஐந்தாண்டுச் செடி | ஏப்ரல் 13, காலை 7:30

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டாக லக்கி பாம்பூ இருக்கிறது. போர் தண்ணீர்தான், அதுவும் உப்புத் தண்ணீர். கெட்டிலில் அவ்வளவு வெள்ளை படியும். செடி ஒரு நுனிகூடக் கருகவில்லை. ஆகவே தண்ணீரைக் குற்றம் சொல்வது வீண். வெயில் ஒன்றுதான் காரணம்.

காரிமங்கலம் வேதியியல் ஆசிரியை | ஏப்ரல் 13, மாலை 5:45

காவேரிப்பட்டணம் அண்ணா, கெட்டிலில் படியும் வெள்ளை சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். அதை வைத்து ஃபுளோரைடை அளக்க முடியாது. சொல்லப்போனால் பல இடங்களில் நேர்மாறாக இருக்கும். கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகிப் படிந்துவிடும். அதனால் கால்சியம் மிகுந்த தண்ணீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் மிக உயராது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான தண்ணீரில்தான் அது ஏறும். அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், வாய்க்கும் நன்றாக இருக்கும். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைக்குள் இருக்கும் தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில்கூட அளவு வேறுபடும்.

கையில் பிடித்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரும் இதற்கு உதவாது. அது மொத்த உப்பைக் காட்டும். மொத்த உப்பு ஆயிரத்தை ஒட்டி இருக்கும்போது அதில் ஃபுளோரைடு ஒன்றா மூன்றா என்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

பாலக்கோடு அக்கா, செடிக்காக மட்டும் இல்லை, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்காகவும் அந்தப் போர் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. என் வகுப்பில் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது.

அரூர் வரப்பு | ஏப்ரல் 13, இரவு 7:50

தண்ணீர் சோதனை எனக்குத் தெரியும், இதில் தவறாகச் சொல்ல மாட்டேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் கேனில் எடுங்கள் அம்மா, கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். ஃபுளோரைடு பார்க்க வேண்டும் என்றால் பிளாஸ்டிக்தான் என்று என்னிடம் அங்கேயே சொன்னார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். குழாயில் நின்ற பழைய தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தால் பலன் சரியாக வராது.

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 13, இரவு 9:10

காவேரிப்பட்டணம் நண்பரே, உங்கள் செடி எந்தப் பக்கச் சன்னலில் இருக்கிறது, தண்ணீரை எப்படி மாற்றுகிறீர்கள்?

காவேரிப்பட்டணம் ஐந்தாண்டுச் செடி | ஏப்ரல் 13, இரவு 9:40

வடக்குச் சன்னல். வெயில் விழாது, வெளிச்சம் நன்றாக வரும். வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி பூசைக்குமுன் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதிதாக நிரப்புவார்.

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 13, இரவு 10:00

உங்கள் மனைவிதான் அந்தச் செடியை ஐந்து ஆண்டாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். வாரந்தோறும் கொட்டிவிடுவதால் உப்பு சேரவே வாய்ப்பில்லை. ஊற்றும் தண்ணீரும் அந்த ஆசிரியை சொன்னது போலச் சுண்ணாம்பு மிகுந்ததாக இருக்கலாம். அதே ஜாடியை அதே சன்னலில் வைத்து, ஆறு மாதம் கொட்டாமல் மேலே மேலே ஊற்றினால் நுனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம்.

பாலக்கோடு தையற்கடை | ஏப்ரல் 14, காலை 6:40

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நேற்று வெட்டிவிட்டேன். முதல் வெட்டில் நடுவில் காபித்தூள் போலப் புள்ளி. இரண்டாவது வெட்டில் சிறிதாக ஒன்று. மூன்றாவதில்தான் வெள்ளரி நிறம் வந்தது. ஒன்றரைச் சாண் தண்டு இப்போது முக்கால் சாண், அதில் இரண்டு கிளை இலையோடு இருக்கின்றன.

அடுத்து எந்தத் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்துக் கடைக்காரர் தம் ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைச் செடிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். என் நாத்தனார் ஆறிய டீத்தண்ணீர் ஊற்றினால் தழைக்கும் என்கிறார்.

காரிமங்கலம் வேதியியல் ஆசிரியை | ஏப்ரல் 14, காலை 8:20

இரண்டும் வேண்டாம் அக்கா. ஆர்.ஓ. வடிகட்டித் தள்ளிவிட்ட உப்பும் ஃபுளோரைடும் இருப்பது அந்த வீண் தண்ணீரில்தான். வடித்த நல்ல தண்ணீரை அவர் குடித்துவிட்டுக் கெட்டதைச் செடிக்குக் கொடுப்பது போல ஆகும். டீயும் அப்படித்தான்: தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை எடுத்து இலையில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. சாயம் இறங்கும்போது அதுவும் இறங்கும்.

மாடித்தோட்டம் கிருஷ்ணகிரி | ஏப்ரல் 14, காலை 11:00

கொதிக்கவைப்பது பற்றி நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றினால் சத்து எங்கிருந்து வரும்? என் தங்கை வீட்டில் ஆர்.ஓ. மட்டுமே ஊற்றி, இரண்டு ஆண்டில் இலை வெளுத்துப் போய்விட்டது.

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 14, மதியம் 1:30

இந்தக் கேள்வி சரியான கேள்வி. வெறும் ஆர்.ஓ. நீரில் ஒன்றும் இல்லை. செடி தன் தண்டில் சேர்த்திருப்பதைத்தான் செலவழிக்கும். நாளானால் பழைய இலைகள் சீராக வெளுத்து மஞ்சளாகும், கருகாமல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பாட்டிலில் சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு திரவ உரம் போதும். சூப்பர் பாஸ்பேட் கலந்த எதையும் தொடாதீர்கள், அந்த உரத்திலேயே ஃபுளோரைடு இருக்கிறது. உரம் மிகுந்தாலும் தண்டு மஞ்சளாகும், அது அடியிலிருந்து வேகமாக ஏறும். ஆகவே சந்தேகம் வந்தால் குறைவாகவே இடுங்கள். இப்போது வெட்டிய துண்டுக்கு வேர் விடும்வரை உரமே வேண்டாம்.

ஆர்.ஓ. கிடைக்காவிட்டால் மழைநீர் மிக நல்லது. மொட்டைமாடியில் முதல் மழையை ஓடவிட்டு, இரண்டாம் மழையைப் பிடித்து மூடிவையுங்கள். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரும் சரி, அதில் குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்துவைத்து ஊற்றுங்கள். அந்த இடத்தில் மாடித்தோட்டம் நண்பரின் முறை வேலை செய்யும்.

பாலக்கோடு தையற்கடை | ஏப்ரல் 14, இரவு 9:00

எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீரும் ஊர்ப் போர் தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில்தான் ஏறுகின்றன என்கிறார்கள் ஐயா. அதனால் இரண்டு ஜாடி வைத்துப் பார்க்கிறேன். இடது தண்டு குழாய்த் தண்ணீரில், வலது தண்டு ஆர்.ஓ. தண்ணீரில். வெட்டிய துண்டு தனியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். மூன்றும் கடைக்கு உள்ளே, வெட்டு மேசைக்குப் பின்னால், வெயில் விழாத சுவர் ஓரம். அங்கே பகலில் விளக்கு இல்லாமல் ஊசி கோக்கலாம், அந்த வெளிச்சம் போதுமா?

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 14, இரவு 9:35

ஊசி கோக்க முடிகிற வெளிச்சம் மிகச் சரி. இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

தருமபுரி வங்கி ஊழியர் | ஏப்ரல் 16, மதியம் 2:10

என் மேசையில் இருப்பதும் மஞ்சளாகிறது, ஆனால் மேலிருந்து கீழே. வெட்டப்பட்ட மேல்முனை காய்ந்து, அங்கிருந்து மஞ்சள் இறங்குகிறது. கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். என் இடத்துக்குச் சூரிய வெளிச்சமே வராது, குழல் விளக்கும் ஆறு மணிக்கு அணைந்துவிடும். புதிய இலைகள் நீண்டு மெலிந்து தொங்குகின்றன.

ஓசூர் நாற்றங்கால் | ஏப்ரல் 16, இரவு 8:00

மேல்முனையில் மெழுகு பூசியிருந்திருக்கும், உதிர்ந்துவிட்டதா பாருங்கள். உதிர்ந்திருந்தால் காய்ந்த பாகத்தைக் கணுவுக்கு மேலாக வெட்டி, சூடாறிய மெழுகை ஒரு சொட்டு வையுங்கள். மேலே காய்வது முதல் கணுவில் நின்றுவிட்டால் ஆபத்தில்லை. நின்றதா என்று தெரிய, மஞ்சளின் எல்லையில் பேனாவால் ஒரு கோடு போட்டு இரண்டு வாரம் பாருங்கள். இலை மெலிந்து தொங்குவது வெளிச்சப் பஞ்சம், அது வேறு. வாரத்தில் இரண்டு நாள் வெளிச்சமான இடத்தில் வைக்க முடியுமா பாருங்கள்.

பாலக்கோடு வடக்குத் தெரு | ஏப்ரல் 17, காலை 7:00

நான் டெங்கு தடுப்புப் பணியில் வீடு வீடாகப் போகிறவன். எல்லாரும் செடியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆறு மாதம் மாற்றாத ஜாடியில் எத்தனை தலைமுறை ஏடிஸ் கொசு வளரும் தெரியுமா? 2001இல் லக்கி பாம்பூ ஏற்றி வந்த கப்பல் சரக்கோடு ஆசியப் புலிக்கொசு கலிபோர்னியாவில் போய் இறங்கியது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒருமுறை கொட்டுங்கள், ஜாடியின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் ஒட்டியிருக்கும், வெறும் தண்ணீரைக் கொட்டினால் போகாது.

பாலக்கோடு தையற்கடை | மே 19, இரவு 9:15

ஐந்து வாரம் ஆகிறது. வெட்டிய துண்டின் அடிக்கணுவில் வெள்ளையாக மூன்று முளை தெரிகிறது, ஒன்று அரை அங்குலம் நீண்டு செம்மஞ்சள் நிறமாகத் திரும்பியிருக்கிறது. தண்டு அடி கெட்டியாக இருக்கிறது, வாடை இல்லை. வலது தண்டின் வெயில் பட்டை அப்படியே இருக்கிறது. மறையவும் இல்லை, பெருகவும் இல்லை. திங்கள்தோறும் கடை திறந்ததும் மூன்று ஜாடியையும் கழுவுகிறேன்.

பாலக்கோடு தையற்கடை | ஜூலை 6, இரவு 8:40

ஆய்வகத் தாள் வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் போரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். அன்றைக்கே வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டோம். ஆசிரியை சொல்லாவிட்டால் கொடுத்திருக்கவே மாட்டேன். என் மகனுக்கு எட்டு வயது.

செடி விவரம்: ஆர்.ஓ. ஜாடியில் நான்கு புதிய இலை, நுனி சுத்தம். குழாய்த் தண்ணீர் ஜாடியில் மூன்று புதிய இலை, அவற்றில் ஒன்றின் நுனியில் மட்டும் அரிசி அளவு பழுப்பு. பழைய இலைகளின் கருகல் அப்படியே. அப்படியானால் ஃபுளோரைடுதான் என்று முடிவு செய்யலாமா ஐயா?

காவேரிப்பட்டணம் ஐந்தாண்டுச் செடி | ஜூலை 6, இரவு 9:05

ஓர் இலை நுனியை வைத்து எப்படி முடிவு செய்வது? இரண்டும் ஒரே தண்டும் அல்ல. இப்போதும் வெயில்தான் முதல் குற்றவாளி என்பது என் எண்ணம்.

ஓசூர் நாற்றங்கால் | ஜூலை 6, இரவு 10:20

ஓர் இலையை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். நுனிக் கருகலில் ஃபுளோரைடின் பங்கு எவ்வளவு, சேர்ந்துபோன மற்ற உப்பின் பங்கு எவ்வளவு என்று இரண்டு ஜாடியால் பிரித்துச் சொல்லிவிட முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே கருகும். நடுத் தண்டு அழுகியதற்கு 1.9 காரணம் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். உப்பில் நின்று நலிந்த வேர் சீக்கிரம் அழுகியிருக்கலாம், அவ்வளவுதான்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் இந்த வாரம் இரண்டு ஜாடியின் தண்ணீரை மாற்றிப் போடுங்கள்: இடது தண்டுக்கு ஆர்.ஓ., வலது தண்டுக்குக் குழாய்த் தண்ணீர். இடம் மாறக் கூடாது, கழுவும் நாள் மாறக் கூடாது. இனி விடும் இலைகளில் ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நூல் கட்டிவிடுங்கள், எது மாற்றிய பிறகு வந்தது என்று தெரியும். நூலுக்கு உங்கள் கடையில் பஞ்சம் இருக்காது.

பாலக்கோடு தையற்கடை | ஜூலை 7, காலை 9:30

திங்கட்கிழமைக் கழுவல் முடிந்தது. தண்ணீரை மாற்றிவிட்டேன். இடது தண்டின் குருத்துக்கு நீல நூல், வலது தண்டின் குருத்துக்குச் சிவப்பு நூல். வெட்டிய துண்டுக்கு வேர் நான்கு அங்குலம் ஆகிவிட்டது. ஆடிக்குத் தங்கை வரும்போது அதை அவளுக்கே கொடுத்தனுப்பப் போகிறேன்.